எந்த ஆய்வு உள்ளே, எது வெளியே?

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. செய்யூர் போன்ற ஊர்களில் ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது. இத்தகைய சேவை பற்றி உலகில் என்னென்ன எழுதப்பட்டிருக்கிறது என்று தேடித் தொகுப்பது ஸ்கோப்பிங் ரிவ்யூ. சேவை பலித்ததா என்று தீர்ப்புச் சொல்வது அதன் வேலை அல்ல. அதனால் தரம் குறைவு என்று எதையும் ஒதுக்குவதில்லை. அரசு அறிக்கைகளும் உள்ளே வரும்.

யாருக்கு, என்ன சேவை, எந்தச் சூழலில் என்ற மூன்றையும் வைத்தே தகுதி விதி எழுதுகிறோம். சிக்கல் விளிம்பில்தான். வீட்டில் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, மாத்திரைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிய ஆய்வைச் சேர்க்கலாமா? இருவர் கட்டுரைகளைத் தனித்தனியே சலித்து, இதே இடத்தில் திரும்பத் திரும்ப முரண்பட்டால் விதி தெளிவாக இல்லை என்று பொருள். "மாத்திரை வீட்டில் தரப்பட வேண்டும்" என்று திருத்தி, முன்பு சலித்தவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும்.

பிறகு தகவல் அட்டவணை. முதலில் சில கட்டுரைகளை வைத்து இருவரும் நிரப்பிப் பார்ப்பார்கள். "பயன்" என்ற கட்டத்தில் ஒருவர் மாத்திரை பெற்றவர்களையும், மற்றவர் அழுத்தம் கட்டுக்குள் வந்தவர்களையும் எழுதினால், அதை இரண்டு கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். கட்டுரையில் இல்லாததை ஊகித்து நிரப்பாமல் "கூறப்படவில்லை" என்றே எழுத வேண்டும். அப்படிக் குறித்த கட்டங்கள் ஒரே நெடுவரிசையில் குவிந்தால், அடுத்த ஆய்வு அங்கே தேவை.