சண்டைக்குப் பிறகு 'நீ'யா, 'நீங்க'வா?

பெரியவர்களை 'நீங்கள்' என்றுதான் அழைக்க வேண்டும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். வீட்டு வழக்கம் வேறு. பல குடும்பங்களில் அப்பா 'நீங்க', அம்மா 'நீ'. பாட்டியையும் அத்தையையும் 'நீ' என்றே அழைத்து வளர்ந்தவர்கள் ஏராளம். கொங்குப் பக்கத்திலோ சின்னப் பிள்ளைகளிடம்கூட 'வாங்க, போங்க' என்பார்கள். எது மரியாதை என்பது அந்த உறவில் இத்தனை காலம் புழங்கியதைப் பொறுத்தது. சண்டை வந்த பிறகுதான் இது உறைக்கிறது.

வளைகாப்புத் தேதியைத் தன்னிடம் கேட்காமல் குறித்துவிட்டார்கள் என்று அத்தைக்கு வருத்தம். அண்ணன் மகள் ஃபோனில் குரலை உயர்த்திவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் வாட்ஸ்அப்பில் எழுதுகிறாள்: "வணக்கம் அத்தை. நேற்று நான் பேசியது தவறு. தாங்கள் மன்னிக்கவும்." பிழையில்லாத தமிழ்தான். ஆனால் சிறு வயதிலிருந்து அவள் வாயால் 'நீ' என்றே கேட்டுப் பழகிய அத்தைக்கு, 'என்னை வேத்தாளாக்கிட்டாளே' என்றுதான் படும். 'மன்னிக்கவும்' என்பது அறிவிப்புப் பலகையில் வரும் சொல் அல்லவா?

அதையே, "அத்தை, நேத்து உன்கிட்ட அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. தேதியை உன்னைக் கேட்டுத்தான் வச்சிருக்கணும். மன்னிச்சிடு" என்று எழுதியிருந்தால், மன்னிப்பும் இருக்கிறது, உரிமையும் போகவில்லை.

சிலர் இரண்டும் வேண்டாமென்று 'நீ', 'நீங்க' இல்லாமல் எழுதப் பார்ப்பார்கள். தமிழில் அது எளிதல்ல. 'சாப்பிட்டியா', 'சாப்பிட்டீங்களா' என்று வினையே காட்டிக்கொடுத்துவிடும். 'சாப்பிட்டாச்சா?', 'உடம்பு எப்படி இருக்கு?' என்று கேட்டால் அடையாளம் தெரியாது. முதல் செய்திக்கு இது உதவும். நாலு செய்தியும் இப்படியே போனால், தயங்குகிறோம் என்று பெரியவர்களுக்குப் புரிந்துவிடும்.

தலைகீழாகவும் நடப்பதுண்டு. எப்போதும் 'நீங்க' என்று பேசிய சித்தப்பாவிடம் கோபத்தில் "நீ யாரு கேக்க?" என்று வாய் தவறிவிட்டால், பழையபடி 'நீங்க'வுக்குத் திரும்புவது மட்டும் போதாது. சண்டைக்கான காரணத்தைவிட அந்த 'நீ'தான் அவர் மனதில் தைத்திருக்கும். "சித்தப்பா, கோவத்துல உங்களை நீன்னு பேசிட்டேன். அது பெரிய தப்பு" என்று அதையே எடுத்துச் சொல்ல வேண்டும். சொத்து விவகாரமோ வேறெதுவோ, அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

அனுப்பும் முன் அதே உரையாடலில் பழைய செய்திகளைப் புரட்டிப் பாருங்கள். சண்டைக்கு முன்னால் எப்படி எழுதினீர்களோ, அப்படியே எழுதுங்கள். பதிலையும் கவனியுங்கள். வழக்கமாக 'நீ' என்பவர் "நீங்கல்லாம் பெரியவங்க ஆயிட்டீங்க" என்று எழுதினால், கோபம் இன்னும் ஆறவில்லை. அதன்பிறகு செய்தி அனுப்பிக்கொண்டிருக்காமல் நேரில் ஒருமுறை போய் வாருங்கள்.