சுண்டினால் மட்டும் போதுமா?

பழம்பொருள் கடையில் கிரிஸ்டல் கோப்பை வாங்குபவர் முதலில் அதன் விளிம்பைச் சுண்டிப் பார்ப்பார். 'ணங்' என்ற ஒலி நீண்டு இழுத்தால், ஈயம் கலந்த கண்ணாடி என்று முடிவு கட்டிவிடுவார்.

இந்த நம்பிக்கைக்குக் காரணம் உண்டு. சாதாரணக் கண்ணாடியில் சோடியம் இருக்கிறது. கோப்பை அதிரும்போது சோடியம் அயனிகள் சற்றே இடம் நகர்ந்து அதிர்வை உறிஞ்சிக்கொள்ள, ஒலி சட்டென அடங்கிவிடும். ஈயக் கண்ணாடியில் பெரும்பாலும் பொட்டாசியம்தான் சேர்ப்பார்கள். அந்த அயனிகள் பெரியவை, எளிதில் நகராதவை. அதனால் ஒலி நீளும். ஆனால் கனத்த அடிகொண்ட குவளையோ, கழுத்து குறுகிய மதுக்குடுவையோ ஈயம் கலந்ததாக இருந்தாலும் மந்தமாகவே ஒலிக்கும். ஈயமே இல்லாத மெல்லிய கோப்பை இனிமையாக ஒலிப்பதும் உண்டு. ஒலியை ஒரு குறிப்பாக எடுத்துக்கொள்ளலாமே தவிர, தீர்ப்பாக அல்ல.

நம்பத்தக்கது எடைதான். அதுவும் கையில் தூக்கிப் பார்க்கும் கனம் அல்ல. பருமனான சாதாரணக் கண்ணாடியும் கனக்கத்தான் செய்யும். எவ்வளவு இடத்துக்கு எவ்வளவு எடை என்று பார்க்க வேண்டும். சாதாரணக் கண்ணாடி நீரைப்போல் சுமார் இரண்டரை மடங்கு அடர்த்தி கொண்டது. ஐரோப்பிய விதிப்படி 24 சதவீத ஈய ஆக்சைடு உள்ள கிரிஸ்டலுக்கு அது குறைந்தது 2.9 மடங்கு.

சமையலறைத் தராசே இதைக் காட்டிவிடும். ஒரு கோப்பை 300 கிராம் என்று வைத்துக்கொள்வோம். தராசின்மேல் நீர் நிறைந்த பாத்திரத்தை வைத்து, அளவைப் பூஜ்யமாக்கி, கோப்பையை நூலில் கட்டி முழுவதும் மூழ்கவிட வேண்டும். அடியையோ பக்கத்தையோ தொடக்கூடாது. உள்ளே காற்றுக்குமிழி தங்கக்கூடாது. தராசு 120 கிராம் காட்டினால், 300ஐ 120ஆல் வகுக்க 2.5 வருகிறது: சாதாரணக் கண்ணாடி. 100 கிராம் காட்டினால் 3.0: ஈயக் கண்ணாடி என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பேரியம் சேர்த்த சில கண்ணாடிகளும் கனமானவை என்பதால் முழு உறுதி கிடையாது.

வெட்டு வேலையைக் கடைசியாகப் பார்க்கலாம். சுழலும் சக்கரத்தில் வெட்டிய கோடுகளின் முனை விரலில் கூர்மையாகப் படும். அச்சில் அழுத்தி எடுத்ததில் முனைகள் மழுங்கியிருக்கும். பல சமயம் அச்சின் இணைப்புத் தழும்பும் தெரியும். ஈயக் கண்ணாடி மிருதுவானது, வெட்டுவதற்கு இணக்கமானது. அதனால்தான் கூர்மையான வெட்டையும் ஈயத்தையும் சேர்த்தே நினைக்கிறார்கள்.

ஆனாலும் வெட்டு, செய்த விதத்தைத்தான் சொல்லும். செய்த பொருளைச் சொல்லாது. அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சுக் கண்ணாடியையே ஈயம் கலந்து செய்தார்கள். 1864இல் வில்லியம் லெய்ட்டன் மலிவான சோடாக் கண்ணாடிக் கலவையை உருவாக்கிய பிறகே ஈயம் அங்கிருந்து விலகத் தொடங்கியது. மழுங்கிய முனையும் தழும்பும் உள்ள அக்காலத்துத் தட்டை, நீரில் மூழ்கவிட்டுப் பார்க்காமல் சாதாரணக் கண்ணாடி என்று ஒதுக்கிவிடக்கூடாது.