ஏலகிரி மாடியில் ஒரு வாக்கியம் உருமாறிய கதை

ஆய்வேட்டின் ஒரு வாக்கியம் தயாராவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன்! அதுவும் ஏலகிரியில், அத்தனாவூரில் ஒரு வீட்டு மொட்டைமாடியில். வாணியம்பாடிப் பெண் ஒருவர், முதுகலை மாணவி, தன் சினாப்சிஸைக் கையில் வைத்திருந்தார். எதிரே சிவப்புப் பேனாவுடன் அவருடைய கைடு. ஓய்வு பெற்ற பிறகும் மாணவர்களை விடாத பேராசிரியர் அவர். நடுவே ஒரே ஒரு வாக்கியம். காலையில் ஆரம்பித்தது, வெயில் சாய்ந்த பிறகுதான் முடிந்தது. இவ்வளவு விறுவிறுப்பாக இருக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் எப்போதோ வந்திருப்பேன்.

அந்த வாக்கியம் இதுதான்: "பேராசை பிடித்த டேனரிகள் பாலாற்றை அழித்து, எங்கள் மாவட்டத்தின் நிலத்தடி நீர் முழுவதையும் விஷமாக்கிவிட்டன என்று நான் நினைக்கிறேன்."

வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் இதைக் கேட்டால் தலையாட்டாதவர்கள் குறைவு. வீட்டுக் கிணறு உப்பாகிப்போனதைப் பார்த்து வளர்ந்தவர் எழுதியது. கைடும் அதை மறுக்கவில்லை. "கோபம் நியாயம்தாம்மா. ஆனா வைவாவுல கோபத்தை யாரும் சோதிக்க முடியாது. சோதிக்கிற மாதிரி ஒண்ணு எழுது" என்றார்.

மாணவி சட்டென்று "என்று நான் நினைக்கிறேன்" என்பதை அடித்துவிட்டு நிமிர்ந்தார். தன் கருத்து என்ற சாயல் போய்விட்டது, இனி இது ஆய்வு நடை என்று நினைத்தார் போலும். கைடு சிரித்துக்கொண்டே தலையை அசைத்தார். "இப்போ நிலைமை இன்னும் மோசம். முன்னாடி உன் நினைப்புன்னாவது சொன்னே. இப்போ ஆதாரமே இல்லாம அடிச்சுச் சொல்றே." எனக்கு அந்த இடத்தில் மின்னல் வெட்டியதுபோல் இருந்தது. 'நான்' என்ற சொல்லை எடுத்துவிட்டால் கருத்து ஆய்வாகிவிடும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன்.

பிறகு தொடங்கியது உண்மையான வேலை. ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, உனக்கு என்ன சான்று என்று கேட்பது.

'பேராசை' முதலில் போனது. தண்ணீரைச் சோதித்து முதலாளியின் மனத்தைக் கண்டுபிடிக்க முடியாது. 'எங்கள் மாவட்டம்' அடுத்தது. எந்த மாவட்டம்? 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், நாங்கள் உட்கார்ந்திருந்த ஏலகிரி எல்லாம் இப்போது திருப்பத்தூர் மாவட்டம், ராணிப்பேட்டை தனி மாவட்டம். தோல் தொழிற்சாலை மாசு பற்றிய 1996ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்போ இந்தப் பகுதியை வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்கிறது. ஒரே சொல்லுக்குள் மூன்று காலத்து எல்லைகள்! "மாவட்டத்தை விடு. ஆத்தோட எந்தப் பகுதின்னு சொல்லு" என்றார் கைடு. வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் இடைப்பட்ட கரை என்று முடிவாயிற்று.

அப்போதுதான் மாணவி தன் துருப்புச்சீட்டை எடுத்தார். அதே தீர்ப்புதான்: 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் எழுதியது, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு. அதில் 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன என்று ஒரு கணக்கெடுப்பு வருகிறது. நான்கில் மூன்று பங்கு! இதைவிட வேறு என்ன சான்று வேண்டும்?

"எந்த ஊர்க் கிணறும்மா அது?" என்று கைடு கேட்டார். பக்கத்தைப் புரட்டினார்கள். திண்டுக்கல் பகுதியின் 13 கிராமங்கள்! வழக்கின் பெயரில்தான் வேலூர் இருக்கிறது. தீர்ப்பு தமிழ்நாட்டின் ஐந்து மாவட்டத் தோல் தொழிற்சாலைகளைப் பற்றியது, அந்தக் கிணறுகள் பாலாற்றங்கரையிலேயே இல்லை. எழுத்தெல்லாம் உண்மை, எண்ணும் உண்மை, ஆனால் இந்த ஆய்வேட்டில் வைத்தால் தவறு. நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன்.

அதே தீர்ப்பில் இந்தப் பகுதிக்குப் பொருந்தும் எண்ணும் இருந்தது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் நடத்திய கணக்கெடுப்பின்படி, தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றதாகிவிட்டது. மாணவி குறிப்பேட்டில் "35,000 ஹெக்டேர் பாழ்" என்று எழுதினார். கைடு அந்தக் கடைசிச் சொல்லை வட்டமிட்டார். 'ஓரளவோ முழுமையாகவோ' எங்கே போயிற்று? ஒரு போகம் குறைந்த நிலமும், புல்கூட முளைக்காத நிலமும் அந்த எண்ணுக்குள் சேர்ந்தே இருக்கின்றன. கணக்கெடுத்தவர்கள் கவனமாக வைத்த சொல்லை நாம் விட்டுவிட்டால், அவர்கள் சொல்லாததை அவர்கள் வாயில் போட்டதாகிவிடும்.

இன்னொன்றையும் அவர் சொன்னார். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். "உச்ச நீதிமன்றமே நிரூபித்துவிட்டது" என்று எழுதாதே என்றார். அந்தத் தீர்ப்பு இந்தியச் சட்டத்தில் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை நிலைநாட்டியது. கடும் கேடு வரும் அபாயம் இருக்கும்போது, அறிவியல் உறுதி போதவில்லை என்று காரணம் காட்டி நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்பது அதன் சாரம். தன் செயலால் கேடில்லை என்று காட்டும் பொறுப்பையும் தொழில் நடத்துபவர் மேலேயே அது வைத்தது. ஆய்வேட்டிலோ அந்தப் பொறுப்பு மாணவியின் தோளில். மக்களைக் காப்பாற்ற நீதிமன்றம் காத்திருக்கத் தேவையில்லை, அது சரியும்கூட. காரணத்தைத் திட்டமாகச் சொல்ல வந்த ஆய்வாளர் காத்திருக்கத்தான் வேண்டும். தீர்ப்பு இடம்பெறலாம், என்ன சொன்னது என்பதற்குச் சான்றாக. இந்தக் கிணற்றில் என்ன இருக்கிறது என்பதற்குச் சான்றாக அல்ல.

மதியம் 'விஷம்' என்ற சொல்லில் கழிந்தது. எந்தப் பொருள், எவ்வளவு? மாணவிக்குக் குரோமியம் மனத்தில் இருந்தது. இங்கே எல்லாரும் முதலில் சொல்வதும் அதுதான். கைடு இரண்டு எச்சரிக்கை கொடுத்தார். ராணிப்பேட்டையின் குரோமியச் செய்திகளை இங்கே இழுத்துவரக் கூடாது. அங்கே பெரிய பங்கு தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை கொட்டிவிட்டுப்போன கழிவுக் குன்றுக்கு உண்டு. அது தோல் பதனிடும் இடம் அல்ல, குரோமிய ரசாயனம் செய்த இடம். அங்கிருந்து கசிவது தண்ணீரில் எளிதில் கரைந்து ஓடும் அறுவலுக் குரோமியம். டேனரியில் பயன்படுவது மூவலுக் குரோமியம். அது காரத்தன்மையுள்ள மண்ணில் பெரும்பாலும் படிந்து தங்கிவிடும், கிணறுவரை போவது குறைவு. ஆகவே கிணற்றில் குரோமியம் குறைவாக இருந்தால் டேனரி குற்றமற்றது என்றும் எழுத முடியாது!

அப்படியானால் எதைத் தேடுவது? உப்பை. தோல் அழுகாமலிருக்க உப்புத் தூவித்தான் டேனரிக்கு வருகிறது. ஊறவைக்கும் தொட்டியில் அந்த உப்பில் பெரும்பகுதி கரைந்து வெளியேறும். சாதாரண உயிரியல் சுத்திகரிப்பு அழுக்கைத் தின்னும், கரைந்த உப்பைத் தொடாது. அதற்கு சவ்வூடு பரவலும் ஆவியாக்கும் எந்திரமும் வேண்டும். மண்ணில் இறங்கிய உப்போ தண்ணீரோடு கூடவே நடக்கும். டிடிஎஸ் மீட்டரை விட்டால் மொத்தக் கரைபொருள் தெரியும். குடிநீருக்கு இந்தியத் தரநிலை லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு நீர்வழி இல்லாவிட்டால் 2,000 வரை. ஆனால் மீட்டர் எவ்வளவு என்றுதான் சொல்லும், எங்கிருந்து என்று சொல்லாது. அதனால் குளோரைடும் நைட்ரேட்டும் தனித்தனியே பார்க்க வேண்டும் என்றார் கைடு. இரண்டும் சேர்ந்து உயர்ந்திருந்தால் சாக்கடையையும் உரத்தையும் சந்தேகிக்க வேண்டும். குளோரைடு மட்டும் எகிறினால் தோல் கழிவுநீரின் மேல் சந்தேகம் வலுக்கும். ஆற்றில் தண்ணீர் வராமல் போனதும், மணல் அள்ளியதும், வறண்ட மண்ணில் இயல்பாகவே உப்பு சேர்வதும் எதிர்வாதமாக வரும். அவற்றை ஆய்வேட்டிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஒப்பிடுவதற்கு நல்ல கிணறு வேண்டுமே! மாணவி கையை நீட்டி மாடியிலிருந்து சுற்றிலும் காட்டினார். "இங்கயே எடுத்துக்கலாமே சார், மலைத் தண்ணி சுத்தமா இருக்கு, டேனரியும் இல்ல." எனக்கும் அருமையான யோசனையாகப் பட்டது. கைடு எழுந்து மாடிச் சுவரோரம் கிடந்த கல்லைத் தட்டினார். ஏலகிரி சையனைட் என்ற பாறையால் ஆன மலை. கீழே சமவெளியில் பெரும்பாலும் வேறு பாறைகள். பாறை மாறினால் தண்ணீரில் கரையும் தாதுக்களும் மாறும். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் இருக்கும் இந்தக் கிணற்றையும் ஆற்றங்கரைக் கிணற்றையும் ஒப்பிட்டு வித்தியாசம் வந்தால், அது டேனரியாலா, மலையாலா? பிரித்துச் சொல்லவே முடியாது. சமவெளியிலேயே, அதே பாறையில், ஏறத்தாழ அதே ஆழத்தில், டேனரி இல்லாத ஊர்க் கிணறுதான் வேண்டும். மழைக்கு முன் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை முடிந்தபின் ஒருமுறை, இரண்டு இடத்திலும் ஒரே வாரத்தில் தண்ணீர் எடுக்க வேண்டும்.

மாணவி இப்போது உஷாராகிவிட்டார், கொஞ்சம் அதிகமாகவே. "டேனரிகள் ஒருவேளை ஓரளவு காரணமாக இருக்கக்கூடும் எனத் தோன்றலாம்" என்று எழுதினார். கைடு பேனாவைக் கீழே வைத்தார். "இதுல நீ எதையுமே சொல்லலையே. சந்தேகம் எந்த இடத்துல இருக்கோ அங்க ஒரு 'லாம்' போதும். சந்தேகம் இல்லாத இடத்துல நேரா சொல்லு." வேளாண் பல்கலைக்கழகம் கணக்கெடுத்தது என்பதில் சந்தேகம் இல்லை. அங்கே 'கூறுகிறது' போதும். உப்பு யாரால் என்பதில்தான் சந்தேகம். 'லாம்' அங்கே மட்டும்.

கடைசியில் தாளில் நின்றது இது:

"1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எடுத்துக்காட்டும் வேளாண் பல்கலைக்கழகக் கணக்கெடுப்பு, தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியிழந்ததாகக் கூறுகிறது. வாணியம்பாடி–ஆம்பூர் பாலாற்றுக் கரையில் டேனரிகளுக்குக் கீழ்ப்புறமுள்ள கிணறுகளில், அதே பாறைப் பகுதியின் டேனரி இல்லாத ஊர்க் கிணறுகளைவிடக் குளோரைடு அதிகமாக இருக்கும் என இவ்வாய்வு எதிர்பார்க்கிறது. அந்த வேறுபாட்டில் தோல் கழிவுநீருக்குக் கணிசமான பங்கு இருக்கலாம். சாக்கடை, உரம், ஆற்று நீர்வரத்துக் குறைவு ஆகியவற்றின் பங்கைப் பிரித்தறிந்த பின்னரே அதன் அளவைக் கூற இயலும்."

ஒரு வாக்கியம் நான்காகிவிட்டது! மாணவி உரக்க வாசித்துப் பார்த்தார். கோபம் குறைந்துவிட்டதா என்று கேட்டேன். "இல்லைங்க. இப்போ யார் கேட்டாலும் பதில் சொல்ல முடியும்" என்றார்.

கைடு விடவில்லை. "என்ன கிடைச்சா இதை வாபஸ் வாங்குவே?" மாணவி யோசித்தார். டேனரி இல்லாத ஊர்க் கிணறுகளிலும் அதே அளவு குளோரைடு இருந்தால் என்றார். அல்லது, டேனரியிலிருந்து தள்ளிப் போகப் போக உப்பு குறையாமல், ஊர்ச் சாக்கடை கலக்கும் இடத்தைத் தாண்டியதும் நைட்ரேட்டோடு சேர்ந்து ஏறினால். கைடு அந்த இரண்டையும் அப்படியே சினாப்சிஸின் அடுத்த பத்தியாக எழுதச் சொன்னார்.