எழுதாமல் விட்ட வேலை

முன்பள்ளி ஆசிரியையான ஒரு சகோதரி தனது சுயவிபரக் கோவையை என்னிடம் கொண்டுவந்தார். கணவரை இழந்தவர், கிடைக்கும் கொடுப்பனவு 2 பிள்ளைகளுக்குப் போதவில்லை. கணக்கு எழுதுநர் வேலைக்கு 3 இடங்களில் விண்ணப்பித்தும் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வரவில்லை.

தொடக்கத்தில், “கடின உழைப்பாளி, எந்த வேலையும் செய்வேன்” என்றிருந்தது. எந்த வேலைக்குப் பொருத்தமானவர் என்பது அதில் தெரியவில்லை. கீழே, “முன்பள்ளி ஆசிரியை, 8 வருடம்” என்று ஒரே வரி.

“பிள்ளைகளின் கட்டணத்தை யார் சேர்த்தது?” என்று கேட்டேன்.

“நான்தான் அக்கா. பற்றுச்சீட்டு எழுதி, வங்கியிலும் போடுவேன். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கும் 3 வருடம் பொருளாளர். சம்பளமில்லாத வேலை என்று எழுதவில்லை.”

இருவருமாகத் திருத்தினோம். ஆசிரியைப் பணியின் கீழ், “35 பிள்ளைகளின் கட்டணத்துக்குப் பற்றுச்சீட்டு வழங்கி வங்கியில் வைப்பிலிட்டேன்” என்று சேர்த்தோம். பொருளாளர் பணிக்குத் தனித் தலைப்பிட்டு, “காசேடு எழுதி, மாதந்தோறும் வங்கிப் புத்தகத்துடன் சரிபார்த்தேன்” என்று எழுதினோம். தொடக்க வரி, “காசேடு எழுதுவதில் அனுபவமுள்ள நான் கணக்கு எழுதுநர் பணியை நாடுகிறேன்” என்று மாறியது.

கணனியில் கணக்கு வைக்க அவருக்குத் தெரியாது, அதை எழுதவில்லை. கேட்டால் காட்டுவதற்காகச் சங்கத் தலைவியிடம் ஒரு கடிதம் வாங்கி வைக்கச் சொன்னேன்.