பெரிய பில்கள் பதினான்கும் சிறிய பில்கள் பதினான்கும்

தாராவியின் தோல் தொழிற்கூடங்களில் உருவாகும் கைப்பைகள், பெல்ட்டுகள், பணப்பைகள் ஆகியவற்றில் பெரும்பகுதி கடனுக்கே விற்கப்படுகின்றது. சரக்கு சென்றுவிடும், பணம் வர நாற்பது நாளாகலாம், எண்பது நாளாகலாம். அந்த இடைக்காலத்திற்காகவே தொழில்முனைவோர் வங்கியில் கேஷ் கிரெடிட் கணக்கு வைத்துக்கொள்கின்றனர். மாதந்தோறும் சரக்கிருப்பையும் வரவேண்டிய பில்களையும் பட்டியலிட்டு வங்கிக்கு அளிக்கின்றனர். அப்பட்டியலைக் கொண்டே டிராயிங் பவர், அதாவது அம்மாதம் கணக்கிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்னும் வரம்பு, கணிக்கப்படுகின்றது.

இப்பட்டியல் சரிதானா என்று பார்க்க, பெரிய கடன் கணக்குகளில் வங்கியின் சார்பில் ஒரு பட்டயக் கணக்காளர் அவ்வப்போது வருவார். அவர் வந்து சென்ற பின் வாடிக்கையாளர் பலர் கிளையில் கேட்கும் வினா ஒன்றுண்டு: “பெரிய பில் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கேட்டார், சிறிய பில்கள் நானூறுக்கு மேல் இருந்தும் பதினான்கை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விட்டாரே. எங்கள் பெரிய வாடிக்கையாளர்மீது ஐயமா?” ஐயம் இல்லை. அதன் பின்னே ஒரு கணக்கு உள்ளது.

விளக்கத்திற்காக ஒரு கணக்கைக் கற்பித்துக்கொள்வோம். தாராவியில் தோல் பொருள் செய்யும் நிறுவனம் ஒன்று, வரவேண்டியவை எனக் காட்டியிருக்கும் பில்கள் 500. அவற்றின் மொத்த மதிப்பு ₹2,40,00,000. நிறுவனங்கள் தீபாவளிப் பரிசாக மொத்தமாக வாங்கிய பைகளுக்கும், ஏற்றுமதியாளருக்கு அனுப்பிய சரக்கிற்கும் எழுதப்பட்டவை 14 பில்கள். ஒவ்வொன்றும் ₹5 லட்சமோ அதற்கு மேலோ. இப்பதினான்கின் கூட்டுத்தொகை மட்டும் ₹1,08,00,000. அடுத்து, ₹50,000 முதல் ₹5 லட்சத்திற்குள் 66 பில்கள், கூட்டுத்தொகை ₹90,00,000. மீதமுள்ள 420 பில்கள் மாட்டுங்கா, செம்பூர் போன்ற இடங்களிலுள்ள சில்லறைக் கடைகளுக்குச் சென்ற சிறு சரக்குகளுக்கானவை. கூட்டுத்தொகை ₹42,00,000, சராசரி ₹10,000.

தணிக்கையாளருக்கு உள்ள நாட்களில் 50 பில்களையே ஆழ்ந்து ஆராய முடியும் எனக் கொள்வோம். ஐந்நூறு எண்களையும் சீட்டெழுதிக் குலுக்கி ஐம்பதை எடுத்தால் என்ன? எல்லா பில்லுக்கும் சமவாய்ப்பு என்பதால் நேர்மையானதாகவே தோன்றும். ஆனால் மொத்தப் பணத்தில் 45 விழுக்காட்டைச் சுமக்கும் அந்தப் பதினான்கில் ஒன்றுகூட அகப்படாமல் போகும் வாய்ப்பு ஏறக்குறைய 22 விழுக்காடு. ஐந்து முறை குலுக்கினால் ஒரு முறையேனும் அவ்வாறு நேரலாம். அகப்பட்டாலும் ஒன்றோ இரண்டோதான் வரும். உழைப்பின் பெரும்பகுதி பத்தாயிரம் ரூபாய் பில்களிலேயே கழிந்துவிடும்.

ஆதலால் பில்களை மதிப்பின்படி அடுக்குகளாகப் பிரிக்கின்றனர். இதுவே அடுக்குமுறை மாதிரித் தேர்வு. இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் வகுத்துள்ள 530ஆம் எண் தணிக்கைத் தரநிலை மாதிரித் தேர்வைப் பற்றியது. மதிப்பின்படி அடுக்குகள் அமைப்பதை அதன் பிற்சேர்க்கை விளக்குகின்றது. மேலடுக்கில் உள்ள ஒவ்வொன்றும் தேர்வுக்குள் வருவது உறுதி. அங்கே குலுக்கலே இல்லை. அதனை ‘முழுத்தேர்வு அடுக்கு’ எனலாம். நம் நாட்டில் இம்முறை புதிதன்று. 1959 முதல் நடைபெறும் ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பில், குறிப்பிட்ட அளவிற்கு மேல் பணியாளர் கொண்ட ஆலைகள் அனைத்தையும் கணக்கில் எடுத்து, சிறியவற்றில் மட்டும் மாதிரி எடுக்கும் வழக்கம் உள்ளது.

கோட்டை ஏன் ₹5 லட்சத்தில் இட வேண்டும்? இங்குதான் தணிக்கையாளரின் தீர்ப்பு வெளிப்படுகின்றது. மொத்தத்தில் 2 விழுக்காடு, அதாவது ₹4,80,000 வரை பிழை இருந்தால் பட்டியலை ஏற்கலாம் என்று அவர் முன்னரே முடிவு செய்திருக்கின்றார். ₹5 லட்சத்திற்குரிய ஒரு பில் முற்றிலும் பொய்த்தால், அது ஒன்றே அந்த எல்லையைத் தாண்டிவிடும். அத்தகைய பில்லை வாய்ப்பின் கையில் விட முடியாது. பணி தொடங்கிய பின், பார்த்த பில்களுக்கு ஏற்பக் கோட்டை நகர்த்துவது தகாது.

பதினான்கு போக எஞ்சியவை 36 இடங்கள். இவற்றை நடு அடுக்கிற்கும் கீழ் அடுக்கிற்கும் எவ்வாறு பகிர்வது? பில்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் 420 உள்ள கீழ் அடுக்கே பெரும்பங்கைப் பெறும். அது வீண். எண்ணிக்கையை, அவ்வடுக்கிற்குள் தொகைகள் எவ்வளவு சிதறியுள்ளன என்பதனால் பெருக்கிப் பகிர வேண்டும் என்பதை ஜெர்சி நேய்மன் 1934இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டினார். அச்சிதறல் முன்கூட்டித் தெரியாதபோது என்ன செய்வது என்பதை மறு ஆண்டே ஆராய்ந்தவர், சாதாரா மாவட்டத்தில் பிறந்த மராட்டியரான பி.வி. சுகாத்மே. நம் கணக்கில் நடு அடுக்கின் திட்ட விலக்கம் சுமார் ₹1,00,000, கீழ் அடுக்கில் ₹10,000 எனக் கொண்டால், 66 லட்சத்திற்கு 42 லட்சம் என்னும் விகிதம் கிடைக்கும். முப்பத்தாறை அவ்வாறு பகிர்ந்தால் 22, 14. நடு அடுக்கில் மூன்றுக்கு ஒன்று. கீழ் அடுக்கில் முப்பதுக்கு ஒன்று. கீழ் அடுக்கில் ஒன்று முதல் முப்பதுக்குள் ஓர் எண்ணைக் குலுக்கி எடுத்து, அது 17 என வந்தால் 17, 47, 77 என்று 407 வரை செல்வார். வாடிக்கையாளர் கண்ட ‘பதினான்கு சிறிய பில்கள்’ பிறந்த கதை இதுதான்.

தெரிந்தெடுத்த பில்லை ஆராய்வது என்றால் பில்லின் நகலைப் பார்ப்பது மட்டுமன்று. டெலிவரி சலான், லாரி ரசீது, ஜி.எஸ்.டி. கணக்கில் அப்பில் காட்டப்பட்டுள்ளதா என்பது, பிறகு வந்த பணம் ஆகியவற்றையும் ஒப்பிட வேண்டும். பெரிய பில்களுக்கு, வாங்கியவரிடமிருந்தே உறுதிக்கடிதம் நேராகத் தணிக்கையாளருக்கு வர வேண்டும். விற்றவர் கை வழியாக வந்தால் அதற்குப் பயனில்லை. 2009 ஜனவரியில் சத்யம் நிறுவனத் தலைவர் தம் கடிதத்தில், கணக்கில் காட்டிய ₹2,651 கோடி வரவேண்டியவற்றுள் ₹490 கோடி மிகையானது என்று ஒப்புக்கொண்டார். எல்லாப் பெரிய பில்லையும் எடுத்தாலும், எதனோடு ஒப்பிடுகின்றோம் என்பதே முடிவைத் தீர்மானிக்கும்.

இனி விளைவு. மேலடுக்கில் இரு பிழைகள் தென்பட்டன எனக் கொள்வோம். ஒரு பில்லில் ₹1,20,000 மதிப்புள்ள பைகள் திரும்பி வந்தும் கழிக்கப்படவில்லை. மற்றொன்றில் ₹6,50,000 முழுவதும் மாத இறுதிக்கு முன்பே வேறொரு வங்கிக் கணக்கில் வரவாகிவிட்டது. பட்டியலில் மட்டும் நிலுவையாக நிற்கின்றது. ஆக ₹7,70,000. அந்த அடுக்கில் பார்க்காத பில் எதுவும் இல்லாததால் இத்தொகையைப் பெருக்க வேண்டியதில்லை. உள்ளது உள்ளபடியே நிற்கும்.

நடு அடுக்கில் பார்த்த 22 பில்களின் கூட்டுத்தொகை ₹30,00,000. பிழை ₹60,000, அதாவது 2 விழுக்காடு. அந்த விகிதத்தை அவ்வடுக்கின் ₹90 லட்சத்திற்கு விரித்தால் ₹1,80,000. கீழ் அடுக்கில் பார்த்த ₹1,40,000இல் பிழை ₹2,100, விகிதம் 1.5 விழுக்காடு, ₹42 லட்சத்திற்கு விரித்தால் ₹63,000. மூன்றையும் கூட்டினால் ₹10,13,000.

ஒவ்வோர் அடுக்கின் பிழையையும் அவ்வடுக்கிற்குள் மட்டுமே விரிக்க வேண்டும். இவ்விதியை மறந்து, ஐம்பது பில்களில் ₹8,32,100 பிழை, ஆகவே ஐந்நூறு பில்களில் அதன் பத்து மடங்கு என்று கணக்கிட்டால் ₹83,21,000 வரும். இது வாடிக்கையாளருக்கு இழைக்கும் அநீதி. பெரிய பில்களை மட்டும் பார்த்துவிட்டு, மீதியும் இப்படித்தான் இருக்கும் என்று எழுதிவிடுவதும் பிழையே. மேலடுக்கு, கீழுள்ள 486 பில்களைப் பற்றி எதுவும் சொல்லாது. அதே வேளையில், ₹63,000 என்னும் மதிப்பீடு ஒரே ஒரு பில்லில் கண்ட ₹2,100 மீது நிற்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். வேறொரு தொடக்க எண் வந்திருந்தால் அது சுழியமாகவும் இருக்கலாம், இரு மடங்காகவும் இருக்கலாம்.

₹10,13,000 என்பது ₹4,80,000 எல்லையைக் கடந்துவிட்டதால் பட்டியலை உள்ளபடியே ஏற்க இயலாது. கண்ணால் கண்ட ₹8,32,100ஐ வங்கி உடனே கழிக்கும். இக்கணக்கில் மார்ஜின் 40 விழுக்காடு எனில், டிராயிங் பவர் ₹4,99,260 குறையும். எஞ்சிய ₹1,80,900 ஒரு மதிப்பீடு. எந்த பில்லில் உள்ளது என்று எவருக்கும் தெரியாது. ஆகவே நடு அடுக்கில் பார்க்காத 44 பில்களையும் வாடிக்கையாளரே சரிபார்த்துத் திருத்திய பட்டியலைத் தருமாறு கேட்பது என் அனுபவத்தில் நேரிய வழி.

இம்முறைக்கு ஒரு பலவீனம் உண்டு: கோடு எங்கே என்று தெரிந்தால் அதற்குக் கீழே ஒளிந்துகொள்ளலாம். ஒரே நாளில் ஒரே வாடிக்கையாளருக்கு ₹4,90,000க்கு மூன்று பில்கள் இருந்தால் தணிக்கையாளரின் கண் அங்கே நிற்கும். தொகைகளை வரிசைப்படுத்தும்போது கோட்டிற்குச் சற்றுக் கீழே பில்கள் குவிந்திருப்பதே அடையாளம். மருந்தும் எளிது: பில்வாரியாக அன்றி, வாங்குபவர்வாரியாகக் கூட்டி அடுக்குகளை அமைத்தால் மூன்றும் சேர்ந்து ₹14,70,000 ஆகி மேலடுக்கிற்கு வந்துவிடும். பெரிய ஆர்டரைப் பகுதி பகுதியாக அனுப்பி, நியாயமாகவே தனித்தனி பில் போடுவோரும் உளர். அவர்கள் ஆர்டர் கடிதத்தையும் சலான்களையும் சேர்த்து வைத்திருந்தால் அரைமணியில் வேலை முடியும்.

மற்றொன்று, தெரிந்தெடுத்த சிறிய பில் கிடைக்கவில்லை என்றால் “இதற்குப் பதில் இதைப் பாருங்கள்” என்று அடுத்த பில்லை நீட்டுவது. தணிக்கையாளர் அதை ஏற்கமாட்டார். வேறு சான்றுகளாலும் நிறுவ முடியாத பில் பிழையாகவே கருதப்படும். காணாமற்போன ₹10,000 பில் ஒன்று, முப்பதுக்கு ஒன்று என்னும் அளவில் விரிந்து ₹3,00,000 ஆகிவிடும். செம்பூர்க் கடைக்காரர் கையெழுத்திட்ட சலானை இரண்டாம் சான்றாகக் கோப்பில் வைத்திருப்பவருக்கு இச்சிக்கல் எழுவதில்லை.