கேசரியில் வந்த தொக்கு வாடை

கேசரி கிளறும்போதே ஏதோ உறுத்தியது. நெய்யும் ஏலக்காயும் மணக்க வேண்டிய நேரத்தில், மாதக்கணக்கில் திறக்காத முறுக்கு டப்பாவிலிருந்து வருமே, அந்தச் சிக்கு வாடை. நெய்ப் பாட்டிலை முகர்ந்து பார்த்தேன், நல்ல நெய்தான். ரவையிலும் குறையில்லை. கையில் இருந்த மரக்கரண்டியை மூக்கருகே கொண்டு போனபோதுதான் ஆள் அகப்பட்டது. தக்காளித் தொக்குக்கும் வத்தக்குழம்புக்கும் இரண்டு வருஷமாக உழைத்த தேக்குக் கரண்டி. தினமும் சோப்புப் போட்டுக் கழுவியதுதான். மேடையில் கிடந்தவரை ஒரு வாடையும் இல்லை. சூட்டில் இறங்கியதும் உள்ளே இருந்ததையெல்லாம் கக்கிவிட்டது.

உங்கள் வீட்டுக் கரண்டி எப்படி என்று தெரிய வேண்டுமானால் கேசரியைப் பலி கொடுக்க வேண்டாம். ஒரு உயரமான டம்ளரில் கொதிக்கும் வெந்நீரை ஊற்றி, கரண்டியின் தலைப்பகுதியை ஐந்து நிமிஷம் அதில் நிறுத்துங்கள். பிறகு ஆவியை முகருங்கள். மரவாசனை மட்டும் வந்தால் கவலையில்லை. பழைய எண்ணெய் வாடை வந்தால், நீர்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலமும் மிதப்பதைப் பார்க்கலாம்.

மரம் உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து இலைக்கு நீர் ஏற்றிய குழல்கள், அறுத்துச் செதுக்கிய பிறகும் அப்படியேதான் இருக்கின்றன. கரண்டியில் அவை காம்பிலிருந்து நுனி வரை நீளவாக்கில் ஓடுகின்றன. நுனியில் வெட்டுப்பட்டு வாய் திறந்து நிற்கின்றன. வாணலியின் அடியைச் சுரண்டுவதும் அந்த நுனிதான். அதனால்தான் கரண்டியில் அதிகம் கறுத்து, அதிகம் நாறுவது எப்போதும் நுனியாக இருக்கிறது. சூடான எண்ணெய் தண்ணீர்போல இளகி அந்தக் குழல்களுக்குள் போய்விடுகிறது. ஆறியதும் கெட்டிப்பட்டு அங்கேயே தங்குகிறது. ஸ்பாஞ்சும் சோப்பும் மேல்தோலோடு நின்றுவிடும்.

உள்ளே தங்கிய எண்ணெயைக் காற்று மெல்ல மெல்லத் தாக்குகிறது. ஆக்சிஜன் பட்டு எண்ணெய் மூலக்கூறுகள் உடையும்போது ஆல்டிஹைடு என்ற வகைச் சின்னப் பொருள்கள் பிறக்கின்றன. சிக்கு வாடை அவற்றுடையது. மிகக் கொஞ்சம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். இன்னொரு பக்கம், சில மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து பிசின்போல ஆகின்றன. அடுப்புப் பக்கத்துச் சுவரில் கையை வைத்தால் ஒட்டுமே, அதே பிசுக்கு. ஆக, கரண்டியில் இருப்பது அழுக்கு அல்ல, உருமாறிய எண்ணெய். அதைத் தேய்த்து எடுக்க முடியாது. உள்ளேயிருந்து வெளியே வரவழைக்க வேண்டும்.

இந்த இடத்தில் எலுமிச்சையும் உப்பும் பற்றிச் சொல்லியாக வேண்டும். அரை மூடி எலுமிச்சையில் உப்பைத் தொட்டுத் தேய்த்தால் போதும் என்று கேட்பவரெல்லாம் சொல்வார்கள். நானும் முதலில் அதைத்தான் செய்தேன். இரண்டு நாள் எலுமிச்சை மணந்தது, மூன்றாம் நாள் சாம்பாரில் பழைய வாடை திரும்பிவிட்டது. புளிப்பு எண்ணெயைக் கரைக்காது. உப்பு மேலே கொஞ்சம் உரசும், அவ்வளவுதான். எண்ணெயை அசைப்பது காரமும் சூடும். காரம் என்றால் மிளகாய்க் காரம் இல்லை, சோடாவின் காரம். கெட்டுப்போன எண்ணெயில் கொழுப்பு அமிலங்கள் பிரிந்து கிடக்கும். அவை சோடாவோடு சேர்ந்தால் அங்கேயே சோப்பாக மாறி நீரில் கலந்துவிடும்.

“விறகடுப்புச் சாம்பலைப் போட்டுத் தேய்ச்சோம், ஒரு வாடையும் தங்காது. நீங்கதான் கேஸுக்கு மாறினீங்க, சாம்பலுக்கு எங்கடி போவே?” என்று அம்மா கேட்டாள். கேள்வியில் பதிலும் இருந்தது. விறகுச் சாம்பலில் இருப்பது பொட்டாசியம் கார்பனேட், அதுவும் காரம்தான். சாம்பலின் இடத்துக்கு நம் சமையலறையில் இருக்கும் ஆள் ஆப்பசோடா.

அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க வைத்தேன். அலுமினியப் பாத்திரம் கூடாது, சோடா அதை அரித்துக் கறுக்கடித்துவிடும். இரண்டு மேஜைக்கரண்டி ஆப்பசோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், மொத்தமாகப் போட்டால் நுரைத்துப் பொங்கும். தீயைக் குறைத்து, கரண்டியைத் தலைகீழாக இறக்கிப் பத்து நிமிஷம். மூன்றாம் நிமிஷத்திலேயே நீர் தேநீர் நிறமானது. பாதி நிறம் தேக்கினுடையது, மீதி எண்ணெயினுடையது. ஓரத்தில் பழுப்பாக ஒரு பிசுக்கு வளையம் கட்டியது. நாற்றம் அடுக்களையை நிறைத்தது, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்வது நல்லது.

பலர் தவறுவது இதற்கு அடுத்த நொடியில்தான். அடுப்பை அணைத்துவிட்டு, ஆறட்டும் என்று கரண்டியை உள்ளேயே விட்டுவிடுவார்கள். ஆறும்போது மிதக்கும் பிசுக்கு மறுபடி மரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். நீர் கொதித்துக்கொண்டிருக்கும்போதே இடுக்கியால் கரண்டியைத் தூக்கி, பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் கொண்டு உடனே தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு புது நீர், புது சோடா, இன்னொரு பத்து நிமிஷம். இரண்டாம் முறை நீர் வெளிறிய மஞ்சளாகத்தான் இருந்தது. கடைசியாக வெறும் வெந்நீரில் ஒருமுறை அலசல். இதற்குமேல் கொதிக்க வைத்தால் மரம் தாங்காது. நார் ஊறி மெத்தென்று ஆகும், காயும்போது வெடிக்கும். ராத்திரி முழுக்க ஊறப்போடுவதும் அப்படித்தான். ஒட்டுப்போட்ட கரண்டி, வார்னிஷ் பூசிய கரண்டி இரண்டுக்கும் இந்த வைத்தியமே ஆகாது.

வெளியே எடுத்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மஞ்சளாக இருந்த கறை செங்கல் நிறத்துக்கு மாறியிருந்தது. ஆரத்தி கரைத்தவர்களுக்கு இது புதிதல்ல. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும், சோடா பட்டாலும் சிவக்கும். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் காரத்தில் செய்யும் வித்தை அது. ஒரு மூடி எலுமிச்சையைப் பிழிந்து தடவினால் மறுபடி மஞ்சளாகிவிடும். மரத்தில் தங்கிய சோடாவையும் அது முறித்துவிடும். எலுமிச்சைக்கு உண்மையான வேலை இங்கேதான்.

மிச்சமிருக்கும் மஞ்சளைப் போக்குவது வெயில். மஞ்சள் நீராட்டுப் பாவாடையை வெயிலில் காயப்போட்ட எவருக்கும் தெரியும், மஞ்சளுக்கு வெயில் ஆகாது. மிளகாயின் சிவப்பும் ஓரளவு வெளுக்கும். ஆனால் ஈரக் கரண்டியை நேராக மத்தியான வெயிலில் போட்டால் மேல்புறம் முந்திக்கொண்டு காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் நிற்கும், மரம் கீறும். முதலில் இரண்டு நாள் நிழலில், நான்கு பக்கமும் காற்றுப் படும்படி வைத்தேன். அதற்குப் பிறகு மூன்று நாள் காலை வெயிலில் இரண்டிரண்டு மணி நேரம், திருப்பித் திருப்பி. மஞ்சள் முக்கால்வாசி போயிற்று. தேக்கு முன்பைவிடக் கொஞ்சம் கறுத்திருந்தது. காரம் பட்டால் தேக்கு கறுக்கும், அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

எண்ணெய் வெளியேறிவிட்டதா என்று பார்க்க, காய்ந்த கரண்டியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். தாமரை இலையில் நிற்பதுபோல முத்தாக நின்றால் உள்ளே இன்னும் எண்ணெய் இருக்கிறது. பரவி ஊறிவிட்டால் போதுமான அளவு போய்விட்டது. எனக்கு நடுப்பகுதியில் ஊறியது, நுனியில் முத்தாக நின்றது. நுனிக்கு மட்டும் சோடாவைக் குழைத்து அப்பி, மேலே வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி அரைமணி நேரம் விட்டுக் கழுவினேன். சரியாயிற்று.

இத்தனை தண்ணீர் குடித்த மரம் சொரசொரவென்று நார் எழுந்து நிற்கும். தெருமுனை ஆசாரியிடம் காட்டினேன். “நல்லாக் காயட்டும்க்கா. ஈரத்தில தேய்ச்சா நார் இன்னும் பிய்யும். 120-ஆம் நம்பர் உப்புத்தாள், அப்புறம் 220. குறுக்கே தேய்க்காதீங்க, ஓட்டத்தோடயே போங்க” என்றார். உப்புத்தாள் பத்து ரூபாய் வேலையை நூறு ரூபாய்க்குச் செய்தது. தேய்த்தபோது மேல்தோலோடு கடைசிப் பிசுக்கும் போய்விட்டது.

இனி எண்ணெய் தடவலாமா? கரண்டி வெளிறிப் போனதைப் பார்த்து, கைக்கு எட்டிய சூரியகாந்தி எண்ணெயைப் பூசி வைப்பவர்கள் உண்டு. வாடை எங்கிருந்து வந்ததோ அதையே மறுபடி ஊற்றும் காரியம் அது. அந்த எண்ணெய் காற்றில் சீக்கிரம் சிக்குப் பிடிக்கும். தடவியே தீர வேண்டுமென்றால் தேங்காயெண்ணெய். அதன் கொழுப்பில் ஏறத்தாழ 90 சதவீதம் நிறைவுற்ற வகை, ஆக்சிஜன் அதை எளிதில் தொடாது. அரைத் தேக்கரண்டியை வெதுவெதுப்பாக்கித் தேய்த்து, ராத்திரி விட்டு, காலையில் துளியும் மிஞ்சாமல் துடைத்தெடுக்க வேண்டும். என்னைக் கேட்டால், வாரம் ஐந்து நாள் தாளிப்பில் புரளும் கரண்டிக்குத் தனியாக எண்ணெய்க் குளியல் தேவையே இல்லை.

எல்லாக் கறுப்பும் எண்ணெய் அல்ல. இரும்பு வாணலியில் புளிக்குழம்பு கிளறிய கரண்டியில் நீலங்கலந்த கறுப்பு ஏறும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்ந்து எழுதுமை ஆனதே, அதே சங்கதிதான், மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்த நிறம். வாடையில்லை, கெடுதலில்லை. எலுமிச்சைச் சாறு தடவி வைத்தால் கொஞ்சம் மங்கும். ஆனால் புள்ளி புள்ளியாக, ஈரவாடையோடு வரும் கறுப்பு பூஞ்சை. பூஞ்சை ஆழமாக இறங்கிய கரண்டியை அடுப்பங்கரையில் வைத்திருக்க வேண்டாம்.

கொட்டாங்குச்சி அகப்பைக்கு வியாதி வேறு இடத்தில். சிரட்டை கெட்டி, எண்ணெயை அவ்வளவாகக் குடிக்காது. காம்பு நுழையும் இரண்டு துளைகளிலும்தான் பிசுக்கு ஒளிந்திருக்கும். காம்பை உருவி எடுத்துவிட்டுக் கழுவினால் பாதி வேலை முடிந்தது. கொதிநீரில் மொத்தமாகப் போட்டால் காம்பு ஊறிப் பருத்து, காய்ந்ததும் இளைத்து, குழம்பு பரிமாறும்போது அகப்பை தனியாகக் கழன்று விழும். எங்கள் வீட்டில் ஒருமுறை விழுந்திருக்கிறது, விருந்தாளியின் இலையில்.

தேக்குக் கரண்டி இப்போது தொக்குக்கு மட்டும். கேசரிக்கும் பாயசத்துக்கும் வேப்பமரத்தில் ஒன்று வாங்கி, காம்பில் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறேன். கழுவியதும் துடைத்து, கம்பித்தட்டில் படுக்கவைத்துக் காய்ந்த பிறகுதான் டிராயருக்குள் போகிறது. இவற்றோடு மூன்றாவதாக ஒன்று இருந்தது, நடுவில் கீறல் விட்டது. இரண்டு முறை சோடாவில் போட்டும் வெந்நீர் டம்ளரில் நாறியது. கீறலுக்குள் போனதை எதனாலும் எடுக்க முடியவில்லை. அது இப்போது துளசித் தொட்டியில் மண் கிளறுகிறது.