மறுப்புக் கடிதத்தில் வைக்கவேண்டிய வாசல்

திருக்கேதீஸ்வரத்து மடங்களில் கொள்முதல் பார்ப்பவர்களுக்குத் தண்ணீர்தான் பெரிய கவலை. கரையோரக் கிணறுகள் உவர்க்கும். மாசிச் சிவராத்திரிக்குப் பாலாவியில் நீரெடுத்து மகாலிங்கத்துக்கு வார்க்க வரும் அடியார்களுக்குக் குடிக்க நன்னீர் வேண்டும். அதனால் தை பிறந்தாலே ஆர்ஓ இயந்திரம் விற்கும் கம்பனிகளின் விலைக்கூறல்கள் வந்துவிடும். அப்படி எங்கள் மடத்துக்கு வவுனியாவிலிருந்து வந்த ஒன்றை மறுத்த விதத்தை இங்கே சொல்கிறேன்.

மணிக்கு 500 லீற்றர் தரும் இயந்திரம். விலை நியாயமானது, கம்பனியும் நல்ல கம்பனி. ஆனால் நிர்வாகசபை வேண்டாமென்றது.

முதல் வேலை, ஏன் வேண்டாம் என்பதை நமக்குள்ளேயே தெளிவாக்கிக்கொள்வது. "இப்போது வசதியில்லை" என்று எழுதினால் விலையைக் குறைத்துக்கொண்டு மறுபடி வருவார்கள். எங்கள் காரணம் விலையல்ல. சிவராத்திரி நாட்களில் அந்த இயந்திரம் பத்து மணித்தியாலம் ஓடி 5000 லீற்றர் தரும். சாதாரண நாளில் மடத்துக்கு 200 லீற்றரே போதும். அரை மணித்தியாலம்கூட ஓட்டத் தேவையில்லை. ஓடாமல் கிடக்கும் சவ்வில் பாசி போலப் படலம் பிடித்து அடைத்துவிடும். அதோடு, உள்ளே போகும் நீரில் ஏறக்குறையப் பாதி, உப்புச் செறிந்த கழிவாக வெளியேறும். பாலாவிப் பக்கம் அதைத் திருப்பிவிட எங்களுக்கு மனம் வராது. வேறு வடிகாலும் இல்லை. ஆகவே அளவும் வடிகாலும்தான் காரணம் என்று கூட்டக் குறிப்பில் எழுதினோம்.

அடுத்து, நாள் பார்க்கவேண்டும். விலைக்கூறலில் 30 நாள் செல்லுபடி என்றிருந்தது. அதற்குள் பதில் சொல்லாவிட்டால், நமக்காக ஒரு இயந்திரத்தை ஒதுக்கிவைத்த கம்பனிக்கு நட்டம். சபை முடிவெடுத்த மறுநாளே தொலைபேசியில் சொன்னேன். கடிதம் திடீரென்று போய்ச் சேர்ந்தால் மனம் கசக்கும்.

"ஐயா, விலை கூடவென்றால் சொல்லுங்கோ, கதைச்சுக் குறைப்பம்" என்றார் விற்பனையாளர்.

"விலையில்ல தம்பி. இந்த அளவு எங்களுக்கு இப்ப வேண்டாம். காரணத்தைக் கடிதத்தில எழுதுறன்" என்றேன்.

இந்த இடத்தில் "பிறகு பார்ப்பம்" என்று முடிப்பதுதான் பலருடைய வழக்கம். கேட்பவர் அதை அரை ஓடராக எடுத்துக்கொள்வார். இரண்டு கிழமையில் பொருத்துநரை அனுப்பலாமா என்று கேட்டு வருவார். அப்போது மறுப்பது இன்னும் கடினம்.

கடிதத்தின் முக்கிய பகுதி இது:

"தங்கள் விலைக்கூறலை எமது நிர்வாகசபை ஆராய்ந்தது. மணிக்கு 500 லீற்றர் இயந்திரத்தைக் கொள்வனவு செய்வதில்லை எனத் தீர்மானிக்கப்பட்டுள்ளது. எமது அன்றாடத் தேவைக்கு அந்த அளவு மிகையானது. கழிவுநீருக்கான வடிகாலும் இப்போது இல்லை. வடிகால் அமைந்தபின் மணிக்கு 100 லீற்றர் அளவிலான இயந்திரத்துக்குப் புதிதாக விலைக்கூறல் கோர எண்ணியுள்ளோம். அப்போது தங்களிடமும் கோருவோம். இக்கடிதத்தை எவ்வித ஓடருக்குமான உறுதியாகக் கொள்ளவேண்டாம்."

மறுப்பு இரண்டாவது வசனத்திலேயே வந்துவிடுகிறது. நன்றியும் புகழும் நாலு வரிக்கு நீண்டால், வாசிப்பவர் ஓடர் கிடைத்துவிட்டதென்றே நினைத்துவிடுவார். அடுத்த முறைக்கான வாசல் ஐந்தாவது வசனம். எந்த அளவு, எது நடந்தபின் என்று இரண்டும் அதில் இருக்கின்றன. அதைப் பார்த்தால், எப்போது எதோடு வரவேண்டும் என்பது கம்பனிக்குத் தெரியும். மாதாமாதம் அழைத்துக் கேட்கத் தேவையில்லை.

கடிதத்தில் வரக்கூடாதது மற்றக் கம்பனியின் விலை. "அவர்கள் இவ்வளவுக்குத் தருகிறார்களே" என்று எழுதிவிட்டால், நம்மிடம் தரும் விலை வெளியே போகும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். பிறகு யாரும் உண்மை விலையை எழுத்தில் தரமாட்டார்கள்.

"புதிதாக" என்ற சொல்லும் வேண்டுமென்றே போட்டதுதான். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்தது. மே மாதத்தில் 360ஐ எட்டியது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 18 ஆனது. சவ்வும் பம்பியும் இறக்குமதிப் பொருட்கள். பழைய தாளைக் காட்டி அதே விலையைக் கேட்பது கம்பனிக்கு அநியாயம். அவர்கள் அதை ஏற்றாலும் தரம் குறைந்த சவ்வே வந்து சேரும்.

கடிதத்தின் பிரதியையும் விலைக்கூறலையும் ஒரே கோவையில் வைத்து, மேலட்டையில் "100 லீற்றர், வடிகாலுக்குப் பின்" என்று எழுதியிருக்கிறோம். செயலாளர் மாறினாலும் அது நிற்கும். வடிகால் வேலை முடிந்ததும் கிணற்று நீரின் பரிசோதனை அறிக்கையோடு ஒரே விபரத்தாளை மூன்று கம்பனிகளுக்கு ஒரே நாளில் அனுப்புவோம். வவுனியாக் கம்பனியின் பெயர் அந்தப் பட்டியலில் இப்போதே இருக்கிறது.